தக்காளியின் மணம் ஃப்ரிட்ஜில் ஏன் குறைகிறது? பழத்தையும் காயையும் எங்கே வைப்பது?

சேலம் உழவர் சந்தையில் 2 கிலோ தக்காளி வாங்கினால் அதில் பச்சைக்காய், செங்காய், நன்றாகப் பழுத்தது மூன்றும் கலந்தே இருக்கும். அதை அப்படியே ஃப்ரிட்ஜில் கொட்டாதீர்கள்.

தக்காளியின் புளிப்பும் இனிப்பும் குளிரில் பெரிதாக மாறுவதில்லை. குறைவது மணம்தான். பழம் உயிரோடு இருக்கும்வரை மணப்பொருள்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜின் 5 டிகிரியில் அவற்றை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. ஓரிரு நாள் குளிர் என்றால் வெளியே எடுத்ததும் ஓரளவு மீண்டுவிடும். ஒரு வாரம் கிடந்தால் முழுதாக மீளாது. நிறம் சிவப்பாகவே இருப்பதால் ரசம் கொதிக்கும்போதுதான் குறை தெரியும்.

1. பிரியுங்கள். கழுவ வேண்டாம், ஈரம் பூஞ்சைக்கு வழிவிடும். வெடித்தது, அடிபட்டது எல்லாம் இன்றைய சமையலுக்கு. மீதியைக் காய், செங்காய், பழம் என்று மூன்றாக வையுங்கள்.

2. காயும் செங்காயும். இவை ஃப்ரிட்ஜுக்குள் போகவே கூடாது. சுமார் 12 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்த காய், பிறகு வெளியே வைத்தாலும் சரியாகப் பழுக்காது. திட்டுத்திட்டாக நிறம் ஏறி, தோலில் குழி விழுந்து, சீக்கிரம் அழுகும். மூங்கில் தட்டில் செய்தித்தாள் விரித்து, காம்பு இருந்த பக்கம் கீழே வரும்படி ஒரே அடுக்காக வையுங்கள். பழத்தின் ஈரம் பெரும்பாலும் அந்தக் காம்புத் தழும்பு வழியாகத்தான் வெளியேறும். சீக்கிரம் பழுக்க வேண்டுமென்றால் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வையுங்கள்; அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பழுக்க வைக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்து அழுகிவிடும்.

சித்திரை வெயிலில் சேலத்துச் சமையலறை 35 டிகிரியைத் தொடும். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாததால் காய் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பழுக்கும். அடுப்பிலிருந்தும் மேற்கு ஜன்னலிலிருந்தும் தள்ளி, தரையோரம் குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஏற்காட்டில் சிக்கல் நேர் எதிர்: மார்கழி இரவில் ஜன்னலோரம் குளிர் அதிகம், அதனால் தட்டை அறையின் உள்பக்கம் நகர்த்துங்கள்.

3. பழுத்தவை. இரண்டு நாளில் தீருமென்றால் வெளியிலேயே இருக்கட்டும். கோடையில் அதற்கு மேல் தாங்காது. அழுகவிடுவதைவிட ஃப்ரிட்ஜுக்குள் வைப்பதே நல்லது. காய்கறி டிராயரிலோ கதவுத் தட்டிலோ வையுங்கள், அங்கே குளிர் சற்றுக் குறைவு. மூன்று நாளுக்குள் எடுத்துவிடுங்கள். நாளைக் காலைச் சட்னிக்கு வேண்டியதை இன்று இரவே வெளியே எடுத்து வையுங்கள். மணம் கொஞ்சம் திரும்பும்.

இதற்கு மேலும் மிஞ்சினால் முழுப் பழமாக வைத்திருப்பதில் பயனில்லை. எண்ணெயில் சுருள வதக்கித் தொக்காக்கி, ஆறியதும் ஈரமில்லாத பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.