பிரசவத்துக்குப் பின் நீடிக்கும் அடிவயிற்று வலி: கணிப்பதில் நேரும் தவறுகள்

சிசேரியனோ சுகப்பிரசவமோ, குழந்தை பிறந்த பின் சில வாரங்களுக்கு அடிவயிறும் இடுப்பும் வலிப்பது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் அது எதிர்பார்க்கக்கூடியது என்பதாலேயே, மாதக்கணக்கில் நீடிக்கும் வலியும் "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே பதிலுக்குள் அடங்கிவிடுகிறது. வலி உடல் இயல்பாக ஆறிவருவதைச் சேர்ந்ததா, வேறு காரணம் கொண்டதா என்று பிரித்தறிவதில் வழக்கமாக நேரும் சில தவறுகளை இங்கே பார்ப்போம்.

நாட்காட்டியை மட்டும் பார்ப்பது

எத்தனை வாரம் ஆயிற்று என்பதுதான் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி. அதில் பயன் இல்லாமல் இல்லை. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும். பால் கொடுக்கும்போது அடிவயிற்றை இழுத்துப் பிடிப்பது போன்ற வலி முதல் சில நாட்களில் வருவது கருப்பை சுருங்குவதால்தான். இரண்டாம், மூன்றாம் பிரசவங்களில் அது கூடுதலாகவே தெரியும். சிறிய, நடுத்தரக் கிழிசலுக்குப் போட்ட தையலின் கடும் வலி முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆசனவாயின் தசைவரை சென்ற கிழிசலுக்கு இன்னும் பல வாரங்கள் பிடிக்கும். சிசேரியனில் தோல் விரைவில் ஒட்டிக்கொண்டாலும், அதன் அடியில் வயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறுதியான படலம் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். தழும்பைச் சுற்றி மரத்துப்போன உணர்வு மாதக்கணக்கில் இருந்தால் அதற்காக மட்டும் கவலைப்பட வேண்டியதில்லை.

இருந்தாலும் வாரக்கணக்கைவிட அதிகம் சொல்வது வலி எந்தத் திசையில் போகிறது என்பதுதான். ஆறிவரும் வலி இன்று கொஞ்சம் கூடி நாளை குறைந்தாலும், போன வாரத்தோடு ஒப்பிட்டால் இந்த வாரம் குறைவாக இருக்கும். மாத்திரையின் தேவை குறையும். படுக்கையிலிருந்து எழுவது எளிதாகும். அந்த இறக்கம் நின்றுபோய் இரண்டு மூன்று வாரங்களாக வலி ஒரே மட்டத்தில் இருந்தாலோ, தணிந்த வலி மறுபடி ஏறினாலோ, முன்பு இல்லாத புது வகை வலி தோன்றினாலோ, ஆறு வாரம் ஆகவில்லையே என்று காத்திருப்பதில் பொருள் இல்லை. அறுவைக்குப் பின் 3 மாதங்களைத் தாண்டிய வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறார்கள். அதற்காக மூன்றாம் மாதம் முடியும்வரை பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டும் என்று ஆகிவிடாது.

நாட்களைக் கணக்கிடவே கூடாத சில நிலைகளும் உண்டு. 38 டிகிரி செல்சியஸை எட்டும் காய்ச்சல், நாற்றமுள்ள உதிரப்போக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய நாப்கின் நனையும் அளவு ரத்தம், தையல் இடத்தில் சீழ், சிறுநீர் கழிக்க முடியாமை, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், பிரசவமான சில மணி நேரத்தில் பிறப்புறுப்பிலோ ஆசனவாய்ப் பக்கமோ தாங்க முடியாமல் அழுத்தும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லா வலியையும் "இடுப்பு வலி" என்று சொல்லிவிடுவது

என் பார்வையில் மிகுந்த காலத்தை வீணாக்கும் தவறு இதுதான். தழும்பின் ஓரம், கருப்பை, அதைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள், முன்பக்க இடுப்பு எலும்பின் இணைப்பு, வால் எலும்பு என்று வலி எழக்கூடிய இடங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஆனால் "இடுப்பு வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு எதுவும் பிரிந்து தெரியாது.

இப்படி ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். சிசேரியன் ஆகி ஐந்து மாதம் ஆன பெண்ணுக்கு அடிவயிற்றின் வலப்பக்கம் வலி. காய்ச்சல் இல்லை, உதிரப்போக்கு இல்லை, ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. "உள்ளே குடல் ஒட்டியிருக்கலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்துபோயிருக்கிறார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் உள்ளங்கையால் வயிறு முழுவதையும் தடவிக் காட்டுகிறார். ஒரே விரலால் காட்டச் சொன்னதும், விரல் தழும்பின் வலது முனையில் போய் நிற்கிறது. அங்கே எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற சுரீரென்ற வலியும் இருக்கின்றன. அது தொடை இடுக்கு வரை இறங்குகிறது. குழந்தையைத் தூக்கும்போதும் படுக்கையில் புரளும்போதும் கூடுகிறது. உள்ளாடையின் இடுப்புப் பட்டை உரசினாலே பொறுக்க முடியவில்லை.

இந்த விவரங்கள் குடலையோ கருப்பையையோ காட்டுவதைவிட வயிற்றுச் சுவரையே அதிகம் காட்டுகின்றன. இதைச் சரிபார்க்கக் கார்னெட் சோதனை என்ற எளிய பரிசோதனை உண்டு. அவர் மல்லாந்து படுத்திருக்க, வலிக்கும் புள்ளியை மருத்துவர் விரலால் அழுத்திக்கொண்டே தலையையும் தோளையும் தூக்கச் சொல்வார். அப்போது வயிற்றுத் தசைகள் இறுகி, உள்ளுறுப்புகளுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு தடுப்பாக நிற்கும். வலி உள்ளுறுப்பிலிருந்து வருவதானால் அப்போது குறைய வேண்டும். குறையாமல் அப்படியே இருந்தாலோ கூடினாலோ, வலியின் இடம் வயிற்றுச் சுவர்தான் என்று கொள்ள நல்ல காரணம் இருக்கிறது. சிசேரியனின் குறுக்கு வெட்டின் இரு முனைகளுக்கு அருகே ஓடும் மெல்லிய நரம்புகள் தையலிலோ தழும்புத் திசுவிலோ சிக்கிக்கொள்வது இத்தகைய வலிக்குத் தெரிந்த காரணம்.

இருந்தாலும் இந்தச் சோதனை காட்டுவது இடத்தை மட்டுமே. இருமும்போது அதே இடம் புடைத்தால் குடலிறக்கம் இருக்கலாம். தழும்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டு, மாதவிடாயை ஒட்டி அது பெரிதாகி வலித்தால், கருப்பை உட்சுவரின் திசு வெட்டு வழியே தழும்பில் தங்கி வளர்ந்திருக்கலாம். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிடாய் நின்றிருப்பதால் இது பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அதற்குள் பிரசவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எல்லோரும் எண்ணியிருப்பார்கள். நாம் பார்த்த பெண்ணுக்குப் புடைப்பும் இல்லை, கட்டியும் இல்லை, மாதச் சுழற்சியோடு தொடர்பும் இல்லை. அடுத்த படியாக, அந்தப் புள்ளியில் மரப்பு மருந்தை ஊசியால் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் வலி விட்டுப்போனால் நோய்க்காரணம் உறுதியாகிறது. சிலருக்கு அதுவே சிகிச்சையாகவும் அமைகிறது, சிலருக்குத் திரும்பப் போட வேண்டியிருக்கும். தழும்பை அசைத்துத் தளர்த்தும் பிசியோதெரபியும் நரம்பு வலிக்கான மாத்திரைகளும் அதன் பின் வருகின்றன. அறுவை என்பது அரிதாகத் தேவைப்படும் கடைசி வழி.

எலும்பு இணைப்பிலிருந்து வரும் வலிக்கு வேறு அடையாளம். படிக்கட்டில் ஏறும்போதும், ஒற்றைக் காலில் நின்று உடை மாட்டும்போதும், படுக்கையில் காலை அகட்டிப் புரளும்போதும் முன்பக்க எலும்பிலோ முதுகின் கீழ் ஓரத்திலோ குத்தும். இதற்கு முதுகில் போட்ட மரப்பு ஊசிதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். ஊசி போட்ட இடம் சில நாட்கள் வலிக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. அதன் மேல் பழியைப் போட்டுவிட்டால் உண்மையான காரணத்தைத் தேடுவதும் அங்கேயே நின்றுவிடும்.

எல்லோருக்கும் கீகல் பயிற்சி என்று எண்ணுவது

சுகப்பிரசவத்துக்குப் பின் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்திருக்கும், ஆகவே அவற்றை இறுக்கிப் பழகும் கீகல் பயிற்சி வேண்டும் என்பது பரவலான அறிவுரை. இருமினால் சிறுநீர் கசிபவருக்கு அது பொருந்தும். ஆனால் கிழிசலும் தையலும் வலியும் கண்ட தசைகள் சிலருக்கு எதிர்மாறாக, காவலுக்கு நிற்பது போல் ஓயாமல் இறுகியே இருக்கும். அவர்கள் மேலும் இறுக்கிப் பழகினால் வலி கூடுகிறது. "பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை போலும்" என்று எண்ணி இன்னும் அதிகமாகச் செய்கிறார்கள்.

எந்த வகை என்று அறியச் சில குறிப்புகள் உதவும். இறுகிய தசையில் வலி ஆழத்தில் இருக்கும்; நெடுநேரம் நின்ற பின்போ மாலையிலோ கூடும்; சிறுநீர் உடனே புறப்படாமல் காத்திருக்க வைக்கும்; மலம் கழிக்க முக்க நேரும்; உடலுறவு வலிக்கும். மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ ஒரு விரலால் யோனி வழியாக உட்பக்கத் தசையை மெல்ல அழுத்தும்போது "இந்த வலிதான்" என்று சொல்ல முடிந்தால், மூலம் அங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது தளர்த்தல். மூச்சை உள்ளிழுக்கும்போது வயிறு விரிய, அதோடு இடுப்புத் தளத் தசையும் மெல்லக் கீழிறங்க விடுவது. இறுக்கும் பயிற்சி, தேவையானால், அதன் பிறகு.

எரிச்சல் யோனியின் வாயிலிலேயே, தொட்டவுடன் இருந்தால் தசையை விட்டு வேறு இரண்டைப் பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனியின் சவ்வு மெலிந்து வறளும். வழுக்கும் ஜெல்லும், மருத்துவர் எழுதித்தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமும் இதற்குப் பயன்படும். மற்றொன்று, தையல் போட்ட இடத்தில் சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும் சிறு சதைத்துணுக்கு. வெள்ளி நைட்ரேட் தடவி அதை எளிதில் நீக்கிவிடலாம். இந்த இரண்டையும் ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்கு அந்த இடத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். கூச்சத்தால் சொல்லாமல் விடுவதாலும், கேட்பவரே பரிசோதிக்காமல் அனுப்பிவிடுவதாலும் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

ஸ்கேன் சரியாக இருக்கிறது, ஆகவே ஒன்றுமில்லை என்று முடிப்பது

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் வழக்கமான ஸ்கேன், கருப்பையில் தங்கிய திசுவையும் சீழ்க் கட்டியையும் தேட நல்ல கருவி. இறுகிய தசை, சிக்கிய மெல்லிய நரம்பு, எலும்பு இணைப்பின் உறுதியின்மை ஆகியவை அதில் தெரிய வாய்ப்பில்லை. சிசேரியன் வெட்டு கருப்பையில் ஆறிய இடத்தில் சிலருக்குச் சிறு குழி விழும். மாதவிடாய் முடிந்த பின்னும் பல நாட்கள் பழுப்பு நிறக் கசிவு தொடர்வது அதன் அடையாளம். அதைக் காண யோனி வழியாகச் செய்யும் ஸ்கேனே ஏற்றது. அப்போதும் எதைத் தேடுகிறோம் என்று பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

ஆகவே அறிக்கையை மட்டும் நீட்டாமல், ஒரே விரலால் காட்டக்கூடிய இடம், எந்த அசைவில் கூடுகிறது, எதில் தணிகிறது, மாதச் சுழற்சியோடு மாறுகிறதா, கடந்த நான்கு வாரங்களில் குறைந்ததா நின்றுவிட்டதா ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். படுக்க வைத்துத் தழும்பையும் உட்பக்கத் தசையையும் தொட்டுப் பார்க்கும்படி நேராகவே கேளுங்கள். அந்தப் பரிசோதனை நடக்காமல் "ஒன்றுமில்லை" என்ற பதில் வந்தால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.