கையில் காசு வராமலே வரி: ஆப்ஷனை எக்சர்சைஸ் செய்யும் முன் போட வேண்டிய கணக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டில் உட்கார்ந்தபடியே பெங்களூரு, சென்னை கம்பெனிகளுக்கு வேலை பார்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். சம்பளத்தோடு ஈசாப், அதாவது கம்பெனியின் பங்கை முன்பே குறித்த விலைக்குப் பின்னால் வாங்கிக்கொள்ளும் ஆப்ஷன், வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. கணக்கு பார்க்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, பங்கை இன்னும் விக்கவே இல்லையே, அதுக்குள்ள எப்படி வரி?"

போன வருடம் ஒரு தம்பி தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்பாவுக்குச் சொந்தமாகத் தேயிலை. "ஃபேக்டரிக்கு இலை போட்டா நமக்குக் காசு வருது. இதுல காசை நாமதான் கட்டணும்னா, இது என்ன வருமானம்?" என்றார். நியாயமான கோபம்தான். ஆனால் சட்டம் இதை வேறு மாதிரி பார்க்கிறது. 640 ரூபாய் பெறுமானமுள்ள பங்கைக் கம்பெனி உங்களுக்கு 40 ரூபாய்க்குக் கொடுத்தால், மீதி 600 ரூபாயைப் பங்காகக் கொடுத்த சம்பளம் என்று எடுத்துக்கொள்கிறது. இதற்குப் பெர்க்விசிட் என்று பெயர். சம்பளம் என்று ஆகிவிட்டதால் ஸ்லாப்படி வரி, அதைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு கம்பெனிக்கு.

ஆப்ஷன் கொடுத்த நாளிலும், அது வெஸ்ட் ஆகி, பயன்படுத்தும் உரிமை உங்கள் கைக்கு வந்த நாளிலும் வரி இல்லை. எக்சர்சைஸ் செய்து, அதாவது குறித்த விலையைக் கட்டி வாங்கி, பங்கு உங்கள் பெயருக்கு வரும்போதுதான் வரி. இந்தியச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனியை எடுத்துக்கொண்டு அந்தத் தம்பியின் கணக்கையே இங்கே போடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் வலி அதிகம். பட்டியலிட்ட பங்கு என்றால் கொஞ்சம் விற்று வரியைக் கட்டிவிடலாம். இங்கே விற்க ஆள் கிடையாது, வரி மட்டும் உண்டு.

படி 1: சரியான சந்தை விலையைக் கண்டுபிடியுங்கள்

பாதிக் குழப்பம் இங்கேதான். தம்பி தன் போர்டலில் ஒரு பங்குக்கு 1,100 ரூபாய் என்று பார்த்துவிட்டு, வரி எவ்வளவு வருமோ என்று தூக்கமில்லாமல் இருந்தார். அந்த 1,100 கடைசியாக நிதி திரட்டியபோது முதலீட்டாளர்கள் கொடுத்த விலை. அவர்கள் வாங்கியது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. கம்பெனி மூடப்பட்டால் முதலில் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை போன்ற சலுகைகள் அதில் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது சாதாரணப் பங்கு. அதன் மதிப்பு பொதுவாகக் குறைவு.

பட்டியலிடப்படாத கம்பெனி என்றால், வரிக்கான விலை மெர்ச்சன்ட் பேங்கர் ஒருவர் கொடுக்கும் மதிப்பீட்டு அறிக்கையில் உள்ள விலை மட்டுமே. அந்த மதிப்பீட்டுத் தேதி நீங்கள் எக்சர்சைஸ் செய்யும் நாளாக இருக்கலாம், அல்லது அதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் இருக்க வேண்டும். தம்பியின் கம்பெனியில் அறிக்கையின் தேதி 2025 செப்டம்பர் 30, விலை 640 ரூபாய். அப்படியானால் 2026 மார்ச் 29 வரை எக்சர்சைஸ் செய்பவர்களுக்கு இந்த விலை செல்லும். அதைத் தாண்டினால் கம்பெனி புது அறிக்கை வாங்கியாக வேண்டும். விலை ஏறியும் இருக்கலாம், இறங்கியும் இருக்கலாம்.

அதனால் எச்.ஆருக்கு எழுதும்போது "இப்போ பங்கு விலை என்ன?" என்று கேட்காதீர்கள். "பெர்க்விசிட் வரிக்கு எந்தத் தேதியிட்ட மெர்ச்சன்ட் பேங்கர் அறிக்கை, அதில் என்ன விலை?" என்று கேளுங்கள். அமெரிக்கச் சந்தையில் மட்டும் பட்டியலான கம்பெனியின் பங்கும் இந்த விதிக்குப் பட்டியலிடப்படாத பங்குதான். இந்தியாவில் பட்டியலிட்ட பங்கு என்றால் வேலை சுலபம்: எக்சர்சைஸ் செய்த நாளின் தொடக்க விலை, முடிவு விலை இரண்டின் சராசரி.

படி 2: இடைவெளியைப் பெருக்குங்கள்

```
பெர்க்விசிட் = (சந்தை விலை − எக்சர்சைஸ் விலை) × பங்குகள்
            = (640 − 40) × 1,500
            = 9,00,000
```

இந்த 9 லட்சம் அந்த ஆண்டின் சம்பளத்தின் மேல் வந்து உட்காரும். உங்களிடம் வெஸ்ட் ஆன ஆப்ஷன் எவ்வளவு இருந்தாலும், எத்தனையை எக்சர்சைஸ் செய்கிறீர்களோ அத்தனைக்குத்தான் கணக்கு.

படி 3: வரியை இரண்டு முறை போட்டுக் கழியுங்கள்

9 லட்சத்துக்கு நேராக 30 சதவீதம் போட்டுவிடுவது பலருக்கும் வழக்கம். அது தவறு. ஈசாப் இல்லாமல் ஒரு தடவை, ஈசாப்போடு ஒரு தடவை வரியைப் போட்டு, வித்தியாசத்தை எடுக்க வேண்டும். தம்பியின் சம்பளம் 18 லட்சம், அவர் இருப்பது 2025-26 ஆண்டின் புதிய வரிமுறையில்.

முதலில் ஈசாப் இல்லாமல். நிலைக்கழிவு 75,000 போக 17,25,000 ரூபாய். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று சதவீதம் ஏறும், 24 லட்சத்துக்கு மேல் 30. அந்த வகையில் 20,000 + 40,000 + 60,000 + 25,000 சேர்ந்து 1,45,000. 4 சதவீத செஸ் சேர்த்தால் 1,50,800.

அப்புறம் ஈசாப்போடு. வருமானம் 26,25,000. முதல் 24 லட்சத்துக்கு 3,00,000, மீதி 2,25,000-க்கு 30 சதவீதம் 67,500. மொத்தம் 3,67,500, செஸ்ஸோடு 3,82,200.

வித்தியாசம் 2,31,400 ரூபாய். இதுதான் எக்சர்சைஸுக்கான வரி. இதோடு பங்கின் விலையாக 1,500 × 40 = 60,000 ரூபாயும் கட்ட வேண்டும். ஆக, இன்று விற்க முடியாத பங்குகளுக்காக 2,91,400 ரூபாயை ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும். அந்த அப்பா கேட்டது இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

சில கம்பெனிகள் ஸ்லாப் கணக்கெல்லாம் பார்க்காமல் முதலிலேயே 31.2 சதவீதம் கேட்கும். 9 லட்சத்துக்கு அது 2,80,800. கூடுதலாகப் போன 49,400 பிந்தைய மாதங்களின் டி.டி.எஸ்ஸில் சரியாகும், இல்லையென்றால் ரிட்டர்ன் போட்ட பிறகு திரும்பி வரும். பணம் தொலையாது, ஆனால் அந்த நாளில் கையில் அவ்வளவு இருக்க வேண்டும். இன்னொன்று, ஈசாப் சேர்ந்து மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜும் வந்துவிடும். அந்த எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

படி 4: எந்த ஆண்டில் விழுகிறது என்று பாருங்கள்

இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. விலையை எடுப்பது எக்சர்சைஸ் செய்த நாளில். ஆனால் வருமானமாக எண்ணுவது பங்கை உங்களுக்கு ஒதுக்கிய ஆண்டில். பட்டியலிடாத கம்பெனியில் ஒதுக்கீட்டுக்கு இயக்குநர் குழு கூட வேண்டும். நீங்கள் மார்ச் 20 அன்று பட்டனை அழுத்தி, குழு ஏப்ரல் 10 அன்று கூடி ஒதுக்கினால், வருமானம் அடுத்த நிதியாண்டில் போய் விழும்.

இதை வைத்தே வரியைக் கொஞ்சம் குறைக்கலாம். தம்பி 750 பங்கை 2025-26-இலும் 750 பங்கை அடுத்த நிதியாண்டிலும் எடுத்தால், ஒவ்வொரு ஆண்டும் 4,50,000 சேரும். வருமானம் 21,75,000-இல் நின்றுவிடும், 30 சதவீத ஸ்லாப்பைத் தொடாது. கூடுதல் வரி ஆண்டுக்கு 1,02,700, இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 2,05,400. மிச்சம் 26,000 ரூபாய். ஆனால் சம்பளம், ஸ்லாப், பங்கு விலை மூன்றும் அப்படியே இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். புது மதிப்பீட்டில் பங்குக்கு 100 ரூபாய் ஏறினால், பின்னால் எடுக்கும் 750 பங்குக்கு 75,000 ரூபாய் வருமானம் கூடும், மிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். கம்பெனி விரைவில் நிதி திரட்டப் போகிறது என்று தெரிந்தால் நான் பிரிக்கச் சொல்ல மாட்டேன்.

படி 5: தள்ளிப்போட வழி உண்டா?

"ஸ்டார்ட்அப்னா வரியை அப்புறம் கட்டலாமாமே" என்று கேட்பார்கள். எல்லா ஸ்டார்ட்அப்புக்கும் இல்லை. தொழில் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் மட்டும் போதாது. 80-ஐஏசி பிரிவின் கீழ் வரிச் சலுகைக்கான தனிச் சான்றிதழைக் கம்பெனி வாங்கியிருக்க வேண்டும். அதை வைத்திருக்கும் கம்பெனிகள் கொஞ்சம்தான். இருந்தால், பங்கை ஒதுக்கிய நிதியாண்டுக்கு அடுத்து வரும் வரி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம், பங்கை விற்பது, வேலையை விடுவது, இந்த மூன்றில் எது முன்னால் வருகிறதோ அதிலிருந்து 14 நாளுக்குள் வரி போக வேண்டும். 2025-26-இல் ஒதுக்கிய பங்குக்கு அந்த 48 மாதம் 2031 மார்ச் 31 அன்று முடியும். வரித் தொகை பங்கு ஒதுக்கிய ஆண்டின் விகிதப்படியே நிற்கும். இடையில் பங்கு விலை சரிந்தாலும் குறையாது.

வேலையை விட்டுப் போகும்போது எக்சர்சைஸ் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பிடிக்கச் சம்பளம் இல்லாததால், ஒதுக்கீட்டுக்கு முன்பே வரியைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் போடச் சொல்வார்கள். உங்கள் ஈசாப் திட்டத்தில், வேலையை விட்ட பின் எக்சர்சைஸ் செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று ராஜினாமா மெயில் அனுப்பும் முன் பாருங்கள். தேயிலைப் பணமோ கூட்டுறவு வங்கி டெபாசிட்டோ, எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்பதை அந்த அவகாசத்துக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

படி 6: கட்டிய பிறகு காகிதங்களைச் சரிபாருங்கள்

ஃபார்ம் 16-உடன் வரும் 12பிஏ படிவத்தில் 9,00,000 ரூபாய் ஈசாப் வரிசையில் இருக்கிறதா, பிடித்த வரி வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 12பிஏ-வில் தொகை இல்லை, ஆனால் வரி மட்டும் பிடித்திருக்கிறார்கள் என்றால் உடனே சம்பளப் பிரிவுக்கு எழுதுங்கள். ரிட்டர்ன் போட்ட பிறகு திருத்துவது பெரிய வேலை.

பின்னால் என்றைக்காவது விற்றால், உங்கள் வாங்கிய விலை 640, நாற்பது அல்ல. 600 ரூபாய்க்கு ஏற்கெனவே சம்பள வரி கட்டியாகிவிட்டது. 700-க்கு விற்றால் பங்குக்கு 60 ரூபாய்தான் மூலதன லாபம், 1,500 பங்குக்கு 90,000. நாற்பதைப் போட்டால் அதே 9 லட்சத்துக்கு இரண்டாம் முறை வரி கட்டுவீர்கள்.

மாறாக 400-க்குத்தான் விலை போனால், 3,60,000 ரூபாய் மூலதன நஷ்டம். அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, கட்டிய 2,31,400-உம் திரும்பாது. எட்டு ஆண்டுக்குள் வேறு மூலதன லாபம் வந்தால் அதில் மட்டும் கழிக்கலாம், அதுவும் நஷ்டமான ஆண்டின் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருந்தால்தான். விற்க ஐந்தாறு வருடம்கூட ஆகலாம், அதற்குள் கம்பெனி போர்டல் உங்களுக்குத் திறக்காமலும் போகலாம். அதனால் மதிப்பீட்டு அறிக்கையின் விலை குறிப்பிட்ட மெயில், ஒதுக்கீட்டுக் கடிதம், 12பிஏ மூன்றையும் அன்றைக்கே இறக்கி உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.