உயரம் சரி, கைதான் எட்டவில்லை: முதியவர் அறையில் சுவிட்ச் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் இப்போது வயரிங் வேலை பழகும் இளைஞர்கள், எங்கள் தலைமுறையினர் செய்த பிழைகளையே திரும்பவும் செய்வதைக் காண்கிறேன். முதியவருக்கோ சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ அமைக்கும் அறையில், வழக்கமான 4½ அடி உயரச் சுவிட்சைத் தாழ்த்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகையால் அதை விட்டுவிட்டு, தெரியாமல் போகும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மூலையில் வைக்கப்படும் சுவிட்ச்

இன்றும் எனக்குச் சினமூட்டும் தவறு இதுதான். உப்புவெளியில் ஒரு குடும்பத்தினர், சக்கர நாற்காலியில் இருக்கும் தாயாருக்காகப் புதிதாக ஓர் அறை கட்டினார்கள். வர்ணப்பூச்சு முடிந்த பிறகு என்னை அழைத்தார்கள். சுவிட்ச் தரையிலிருந்து 3 அடி 3 அங்குலத்தில், குறை சொல்ல முடியாத உயரத்தில் இருந்தது. அந்த அம்மா, "தம்பி, உயரம் சரிதான், கைதான் போகுதில்லை" என்றார்.

கதவு நிலைக்கும் அறையின் மூலைக்கும் இடையில் 10 அங்குலச் சுவரே இருந்தது; சுவிட்ச் அதன் நடுவில், மூலையிலிருந்து 5 அங்குலத்தில் பொருத்தப்பட்டிருந்தது. நடந்து வருபவருக்கு அது வசதியான இடம். ஆனால் நாற்காலியில் இருப்பவரின் கால்களும் கால்தாங்கியும் உடலுக்கு முன்னால் நீண்டிருக்கும். சுவிட்சை நோக்கி நேராகச் சென்றால், கை எட்டுவதற்கு முன்பே கால்விரல் சுவரில் முட்டிவிடும். நாற்காலியைச் சுவருக்கு இணையாகத் திருப்பினாலும் கால்தாங்கி அடுத்த சுவரில் இடிக்கும். தோள் மூலையிலிருந்து இரண்டடிக்கும் மேலாகப் பின்னால் நின்றுவிடும். அதோடு நாற்காலி வாசலையும் மறித்துவிடும். அந்த அம்மா முதுகுச் சாய்வை விட்டு முன்னால் குனிந்து, ஒரு கையால் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி, மறு கையின் நடுவிரல் நுனியால் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தின் பிரேக் போடப்படாத ஒரு நாளில் அப்படிக் குனிந்தால், நாற்காலி பின்னால் நகர்ந்து ஆள் முன்னால் விழுவார்.

இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டியின் எம் பகுதி, சக்கர நாற்காலி பாவிப்போருக்கான வீடுகளில் சுவிட்சும் பிளக்கும் தரையிலிருந்து 700 முதல் 1000 மில்லிமீற்றர் உயரத்துக்குள்ளும், உள்மூலையிலிருந்து குறைந்தது 700 மில்லிமீற்றர் தள்ளியும் இருக்க வேண்டும் என்கிறது. நமது அளவில் அந்த இடைவெளி ஏறத்தாழ 2 அடி 3½ அங்குலம். நம்மவர்கள் இதில் உயரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

உப்புவெளி அறையில் சுவிட்சைப் பக்கச் சுவருக்கு மாற்றி, மூலையிலிருந்து 2 அடி 4 அங்குலத்தில், அதே உயரத்தில் வைத்தோம். கதவின் பிணைச்சல் எதிர்ப்பக்கத்தில் இருந்ததால், திறந்த கதவு அதை மறைக்கவில்லை. அவர் நேராக உள்ளே வரும்போது சுவிட்ச் தோளுக்குப் பக்கவாட்டில் வந்துவிடும். பழைய பெட்டியிலிருந்து மூலை வரை, பின்னர் மூலையிலிருந்து புதிய இடம் வரை, சுவரைக் கிடையாக வெட்டிக் குழாய் பதித்தோம். குறுக்குச் சாய்வாக வெட்டினால் தூரம் குறையும் என்றாலும், பின்னொரு நாள் ஆணி அடிப்பவருக்கு வயர் எங்கே போகிறது என்று தெரியாது. வயர் இணைப்பு பழைய பெட்டிக்குள் இருப்பதால், அதைப் பூசி மூடாமல் வெற்று மூடி போட்டோம். வெட்டியது மூன்றடிக்கும் குறைவுதான். ஆயினும் புதுப் பூச்சில் ஒட்டுத் தெரியும் என்பதால், இரண்டு சுவர்களுக்கும் முழுமையாக மறுபடி வர்ணம் பூச வேண்டியிருந்தது.

சுவரில் உளி வைக்கும் முன், அறையில் இருக்கப்போகிறவரை அவருடைய நாற்காலியிலேயே, கால்தாங்கியுடன் அழைத்து வாருங்கள். முதுகு சாய்விலிருந்து விலகாமல் விரல்கள் இலகுவாகப் படும் இடத்தைச் சோக்கினால் குறியுங்கள். முதுகு விலகுமானால், எந்த அளவுப்பட்டியல் என்ன சொன்னாலும் அந்த இடம் பொருந்தாது.

சீமெந்துத் தரையிலிருந்து அளப்பது

ரைல்ஸ் பதித்த பின் வரும் தரைமட்டத்திலிருந்தே அளக்க வேண்டும்.

கட்டிலுக்குப் பின்னால் மறையும் பிளக்

தரையிலிருந்து ஓரடியில் உள்ள பிளக்கை அடையக் குனியும்போது முதியவருக்குத் தலை சுற்றலாம்; 13 அம்பியர் பிளக்கைக் கழற்றுவதற்கு விரல்களில் பலமும் தேவை. படுக்கையறையில் அதை 2½ அடி உயரத்தில், மெத்தையின் மட்டத்துக்குச் சற்று மேலாக, கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்கு வெளியே வையுங்கள். கட்டிலை எங்கே போடப்போகிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, தரையில் கோடு போட்ட பிறகே இடத்தைத் தீர்மானியுங்கள்.

நடைவழியில் ஒற்றைச் சுவிட்ச்

இரு முனைகளிலும் டூவே சுவிட்ச் வேண்டும். மூலைக்கான இடைவெளி அங்கும் அதேதான்.

மேலேயே விடப்படும் மின்விசிறி ரெகுலேற்றர்

சுவிட்சைத் தாழ்த்துபவர்கள் ரெகுலேற்றரைப் பழைய உயரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவில் பலமுறை தேவைப்படுவது அதுதான். சுவிட்சுக்கு அருகில் அதே மட்டத்தில் அதைப் பொருத்துங்கள்; குமிழைத் திருக விரல் ஒத்துழைக்காதவராக இருந்தால், வேகத்துக்கு ஏற்ப அழுத்தும் வகையை வாங்கச் சொல்லுங்கள்.