அடைமொழியை நீக்கிச் செயலை எழுதுங்கள்

வேலை விண்ணப்பக் கடிதத்தை அனுப்புமுன், உங்களைப் பற்றிய அடைமொழி ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் செய்த ஒரு செயலையும் அதன் விளைவையும் எழுதுங்கள். "நான் மிகத் திறமையானவன்" என்பது தற்பெருமையாகவும், "அனுபவம் இல்லாவிட்டாலும் முயன்று பார்ப்பேன்" என்பது தயக்கமாகவும் ஒலிக்கும். மாறாக, "துவாஸ் கிடங்கு ஒன்றில் வேலைப் பயிற்சியின்போது, கையால் எழுதிவந்த இருப்புக் கணக்கை எக்செல்லுக்கு மாற்றினேன், ஒரு நாள் பிடித்த வாராந்தரச் சரிபார்ப்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்தது" என்று எழுதினால், திறமையை எடைபோடும் வேலை படிப்பவருடையதாகிறது, நேர்முகத்தில் கேட்க அவருக்கு ஒரு கேள்வியும் கிடைக்கிறது.

குழுவாகச் செய்த இறுதியாண்டுத் திட்டமானால், "நால்வர் குழுவில் தரவுச் சேகரிப்பை நான் கவனித்தேன்" என்று உங்கள் பங்கைப் பிரித்துச் சொல்லுங்கள். எங்கும் "நாங்கள்" என்றே எழுதுவது பணிவாகத் தோன்றினாலும், நீங்கள் செய்தது என்ன என்பதை மறைத்துவிடும் (புதுப் பட்டதாரிகளின் கடிதங்களில் இதுவே மிகுதி என்பது என் கணிப்பு).

முதியோர் இல்லத் தொண்டூழியம் போன்றவற்றில் எண்ணை வலிந்து புகுத்த வேண்டாம். செயல் மட்டும் போதும். விண்ணப்பப் படிவமே "உங்கள் பலம் என்ன?" என்று கேட்டால் இந்த உத்தி பொருந்தாது, அங்கே பலத்தை முதலில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டு, அதற்கான செயலை அடுத்து எழுதுங்கள்.