அனிலினில் நைட்ரோ ஏற்ற ஏன் சுற்றுவழி? அசிட்டனிலைடு செய்முறை, நான் சொதப்பிய இடத்தோடு

மண்டபத்திலிருந்து பஸ் ஏறி ராமநாதபுரம் போய்ப் படித்த நாளில், மூன்றாம் ஆண்டு செய்முறையில் இந்தச் சோதனையை இரண்டு தடவை கெடுத்தேன். இப்போது சித்தி மகன் அதே ஆண்டு படிக்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தவன், "அண்ணே, பாரா நைட்ரோ அனிலின்தானே வேணும், அனிலினிலேயே நேரா நைட்ரிக் அமிலத்தை ஊத்தினா என்ன? எதுக்கு மூணு படி?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நேராக ஊற்றினால் என்ன ஆகும்? முதலில், கறுப்பாகத் தார் மாதிரி ஒன்று வரும். அமினோ தொகுதியிலுள்ள நைட்ரஜன் தன் தனி ஜோடி எலக்ட்ரான்களை பென்சீன் வளையத்துக்குள் அள்ளிக் கொடுக்கிறது. வளையம் அவ்வளவு செழிப்பாக இருப்பதால், நைட்ரிக் அமிலம் நைட்ரோவை ஏற்றுவதோடு நிற்காமல் ஆக்சிஜனேற்றமும் செய்துவிடுகிறது. அனிலினில் புரோமின் நீரை விட்டதும், வினைவேகமாற்றி ஏதும் இல்லாமலே மூன்று புரோமின் ஏறி வெள்ளையாக வீழ்படிவு விழுமே, அதே துடுக்குத்தனம்தான்.

இரண்டாவது சிக்கல் இதற்கு நேர் எதிரானது. அனிலின் ஒரு காரம். அடர் அமிலத்தில் போட்டதும் அந்த ஜோடி எலக்ட்ரானில் ஒரு புரோட்டான் ஒட்டி அனிலினியம் அயனி ஆகிவிடும். கொடுத்துக்கொண்டிருந்த கை இப்போது இழுக்க ஆரம்பிக்கும். நைட்ரோ மெட்டா இடத்துக்குப் போகும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலேயே அந்தக் கணக்கு வரும்: பாரா 51, மெட்டா 47, ஆர்த்தோ 2 சதவீதம். பாதிக்குப் பாதி மெட்டா வந்தால் பிரிப்பது யார்?

அதனால் அமினோவை அடக்க வேண்டும், ஆனால் வாயை முழுக்க அடைத்துவிடக் கூடாது. அசிட்டைல் ஏற்றினால் நைட்ரஜனின் ஜோடி எலக்ட்ரானுக்கு இரண்டு பக்கம் இழுப்பு. ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் கார்போனைல். வளையத்துக்குப் போகிற பங்கு குறையும், ஆனால் நின்றுபோகாது. ஆர்த்தோ, பாரா என்று வழிகாட்டும் குணம் அப்படியே இருக்கும், காரத்தன்மை மட்டும் போய்விடும். அசிட்டைல் பருமனானது என்பதால் பக்கத்து ஆர்த்தோ இடங்களில் நெருக்கடி, பெரும்பங்கு பாராவுக்குப் போகும்.

முதல் படியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 5 மி.லி. அனிலின், 5 மி.லி. கிளேசியல் அசெட்டிக் அமிலம், 5 மி.லி. அசெட்டிக் அன்ஹைட்ரைடு, ஒரு சிட்டிகை துத்தநாகத் தூள். கால் மணி நேரம் மீள்கொதி, சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் ஊற்றினால் அசிட்டனிலைடு விழும். வெந்நீரில் மறுபடிகமாக்கி நன்றாக உலர்த்துங்கள், உருகுநிலை 114 டிகிரி. அனிலின் தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும், உதடு நீலமாகும் அளவுக்குப் போகலாம், ஆகவே கையுறை கட்டாயம். எல்லாப் படியும் ஆய்வகத்தில், புகைபோக்கி அலமாரிக்குள், ஆசிரியர் முன்னால்தான்.

இனி நான் வழுக்கி விழுந்த படி. 5 கிராம் அசிட்டனிலைடை 5 மி.லி. கிளேசியல் அசெட்டிக் அமிலத்தில் கலக்கி (இது 16 டிகிரி சொச்சத்தில் உறையும் என்று புத்தகம் சொல்லும், நம்ம கடற்கரையில் நான் உறைந்து பார்த்ததே இல்லை), 10 மி.லி. அடர் கந்தக அமிலத்தை மெதுவாகச் சேர்க்க வேண்டும். சூடேறும், கரைந்துவிடும். அதை 0 முதல் 2 டிகிரி வரை குளிரவைக்க வேண்டும். தனியாக இன்னொரு குழாயில் 2.2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலத்தைப் பனிக்கட்டியில் வைத்து, அதில் 1.4 மி.லி. கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதையும் குளிர்விக்க வேண்டும். இந்தக் கலவையைக் குடுவைக்குள் துளித்துளியாகச் சேர்க்கும்போது வெப்பநிலை 10 டிகிரியைத் தாண்டக் கூடாது.

நான் தாண்டவிடவில்லை என்றுதான் நினைத்தேன். வெப்பமானி 3 டிகிரி காட்டியது. ஆனால் அதைச் செருகியிருந்தது பனிக்கட்டித் தொட்டியில்! குளிரில் குடுவைக்குள் இருப்பது கூழ் மாதிரி கெட்டியாகிவிடும், வெளிக் குளிர் உள்ளே இறங்க நேரமாகும், உள்ளே சூடு பிறந்துகொண்டே இருக்கும். சந்தேகம் வந்து வெப்பமானியை உள்ளே விட்டபோது 34. நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்குப் போயிருந்தது. சூடேறினால் இரண்டாவது நைட்ரோவும் ஏறும், அசிட்டைலும் கொஞ்சம் கழன்று, கட்டிப்போட்ட அமினோ மறுபடி அவிழும். அன்றைக்குக் கிடைத்தது பிசுபிசுப்பான ஒரு கட்டி, உருகுநிலை 180-இல் தொடங்கி 200 தாண்டியும் முடியவில்லை.

இரண்டாம் தடவை சொதப்பியது பனிக்கட்டி போதாமல். மே மாதம், ஆய்வகக் குளிர்பெட்டித் தட்டுகளில் இருந்தது பாதியிலேயே உருகித் தண்ணீராகிவிட்டது. மூன்றாம் தடவை, மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் பாரை உடைத்து, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுபோனேன். மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. உப்புக்கு நம்ம பக்கம் பஞ்சமா, வாலிநோக்கத்தில் பாத்தி பாத்தியாக விளைகிறது. தொட்டி சுழியத்துக்குக் கீழே நன்றாக இறங்கிவிடும். வெப்பமானியைக் குடுவைக்குள்ளேயே வைத்து, 6 டிகிரியைத் தொட்டதும் நிறுத்தி, 2-க்கு இறங்கியதும் மறுபடி விட்டேன். மொத்தம் 25 நிமிடம். துளி விட எனக்குப் பிடித்தது சாதாரணக் கண்ணாடிச் சொட்டுக்குழாய்தான், சொட்டுப் புனலின் திருகு திடீரென்று இளகி மூன்று துளி சேர்ந்து விழும். காந்தக் கலக்கியும் வேண்டாம், இந்தக் கூழில் அது சுற்றாமல் நடுங்கும். கையால் சுழற்றுவதே மேல்.

சேர்த்து முடிந்ததும் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் வைத்து, 50 கிராம் உடைத்த ஐஸில் ஊற்றினேன். வெளிர் மஞ்சளாக வீழ்படிவு. வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் கழுவி, எத்தனாலில் மறுபடிகமாக்கியபோது ஆர்த்தோ கரைசலிலேயே தங்கிவிட்டது, பாரா நைட்ரோ அசிட்டனிலைடு ஏறக்குறைய நிறமற்ற ஊசிகளாக வந்தது. 4 கிராம். கணக்குப்படி 6.7 வர வேண்டும், 60 சதவீதம் மோசமில்லை. உருகுநிலை 213 முதல் 214.

பின்சேர்க்கை: இதன் முதல் வடிவத்தைப் படித்த ஒரு மாணவி, எத்தனாலில் சூடாக்கச் சூடாக்கப் படிகம் மேலும் மஞ்சளாகிறது என்று எழுதியிருந்தார். கழுவியது போதவில்லை என்று அர்த்தம். ஒட்டியிருக்கும் அமிலம் சூட்டில் அசிட்டைலைக் கழற்றி நைட்ரோ அனிலினாக்குகிறது, மஞ்சள் அதனுடையது. கழுவிய நீர் நீல லிட்மஸைச் சிவப்பாக்குவது நிற்கும்வரை கழுவுங்கள். "குளிர்ந்த தண்ணீரில் கழுவி" என்று ஒரே வரியில் தாண்டிப் போனது என் தவறு.

கடைசிப் படி, கட்டை அவிழ்ப்பது. நான்கு பங்கு அடர் கந்தக அமிலத்தை மூன்று பங்கு தண்ணீருக்குள் (மாற்றி ஊற்றாதீர்கள்) மெதுவாகச் சேர்த்து ஆறவிட்டு, அதில் 15 மி.லி. எடுத்து 3 கிராம் நைட்ரோ அசிட்டனிலைடோடு 20, 30 நிமிடம் மீள்கொதிக்க விடுங்கள். முடிந்ததா என்று கடிகாரத்தைக் கேட்காதீர்கள். சில துளியை எடுத்து மூன்று மடங்கு தண்ணீரில் விட்டுப் பாருங்கள். தெளிவாக இருந்தால் முடிந்தது, கலங்கினால் அசிட்டைல் இன்னும் மிச்சம். பிறகு 100 மி.லி. குளிர்ந்த நீரில் ஊற்றி, 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்க வேண்டும். சித்தி மகன் 40 மி.லி. விட்டுவிட்டு, "அண்ணே, பாதிகூட விழலையே" என்று போன் செய்தான். அவ்வளவு அமிலத்தைச் சரிக்கட்ட 100 மி.லி.க்கு மேலேயே தேவைப்படும், லிட்மஸ் நீலமாகும்வரை விடு என்றேன். அரை மணி கழித்துப் படம் அனுப்பினான். வடிதாள் நிறைய மஞ்சள். 147-இல் உருகியதாம்.