கரண்ட் போனால் இன்டர்நெட்டும் போனது ஏன்? என் அனுபவம்

பெங்களூரு பெல்லந்தூரில் எங்கள் சின்ன ஆபீஸுக்கு அவசரகாலத் திட்டம் எழுதினோம். ஒத்திகைக்கு மெயின் சுவிட்சை அணைத்தோம். யூபிஎஸ்ஸில் கணினிகளும் ரவுட்டரும் ஓடின. ஆனால் கொஞ்ச நேரத்தில் இன்டர்நெட் நின்றுவிட்டது.

ரவுட்டரை மாற்றினோம், யூபிஎஸ் பேட்டரியையும் மாற்றினோம், பலனில்லை. இணைப்பு தருபவர்கள் வரும்போதெல்லாம் கரண்ட் இருந்ததால், லைன் சரி என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

துப்பு ரவுட்டர் விளக்கில்தான் இருந்தது. வைஃபை விளக்கு எரிகிறது, வெளியிலிருந்து வரும் இணைப்பைக் காட்டும் WAN விளக்கு மட்டும் அணைகிறது. அப்படியானால் கேபிளின் மறுமுனையில் மின்சாரம் இல்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், அது பேஸ்மென்டில் ஒரு பெட்டிக்குள் முடிந்தது. உள்ளே கட்டடத்துக்கே பொதுவான, இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்ச், அதற்கு ஒரு குட்டி பேட்டரி. பெட்டி தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட இல்லை. 2022 செப்டம்பரில் இந்தப் பகுதியே தண்ணீரில் நின்றது. மழை வந்தால் முதலில் மூழ்குவது அதுதான்.

அசோசியேஷனிடம் அனுமதி வாங்கி, பெட்டியை முதல் மாடிக்கு ஏற்றி, எங்கள் யூபிஎஸ்ஸிலிருந்து லைன் கொடுத்தோம். கட்டடத்துக்கு வரும் ஃபைபர் கேபிளே அறுந்தால் அது உதவாது. அதற்கு வேறு கம்பெனி சிம் போட்ட 4ஜி டாங்கிள் வைத்திருக்கிறோம்.

அடுத்த ஒத்திகையை, கணக்கு பார்க்கும் அண்ணன் சேலம் போயிருந்த நாளில் வைத்தோம். இன்டர்நெட் நிற்கவில்லை. ஆனால் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய ஓடிபி அவர் போனுக்குத்தான் போனது. போர்ட்டலில் இன்னொருவரையும் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்த்த பிறகே திட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.