‘அஓரீத்தா’ என்றால் எத்தனை மணிக்கு?

மெக்சிகோ நகரில் வாடகைக்கு இருக்கிறீர்கள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பருக்குப் போன் செய்தால் ஸ்பானிய மொழியில் ‘அஓரீத்தா போய்’ என்கிறார். பாடப்புத்தகப்படி ‘இப்போதே வருகிறேன்’ என்று எடுத்துக்கொண்டு கதவருகே நின்றால் கால்தான் வலிக்கும்.

படி 1: சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘அஓரா’ என்றால் இப்போது. அதையே செல்லமாகச் சிறிதாக்கிச் சொல்வதுதான் ‘அஓரீத்தா’. சிறிதாக்கினால் நேரமும் குறைய வேண்டும் அல்லவா? மெக்சிகோவில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அந்தச் செல்லம் பேச்சை மென்மையாக்குகிறதே தவிர, கடிகாரத்தைத் தொடுவதில்லை. பத்து நிமிடமும் ஆகலாம், மாலையும் ஆகலாம், வராமலும் போகலாம்.

படி 2: கூட வரும் வினையைக் கவனியுங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீரும். ‘அஓரீத்தா யெகோ’ என்றால் ‘இப்போதுதான் வந்தார்’, நடந்து முடிந்துவிட்டது. ‘அஓரீத்தா எஸ்தொய் கொமியெந்தோ’ என்றால் ‘இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’, இதுவும் நம்பகமானது. ‘அஓரீத்தா லோ ஆகோ’, அதாவது ‘இதோ செய்கிறேன்’ என்று இனி நடக்க வேண்டியதைச் சொன்னால் மட்டும் உஷார். பிளம்பரின் ‘போய்’ இந்த வகைதான்.

ஊரும் முக்கியம். புவேர்த்தோ ரிக்கோவில் ‘அஓரீத்தா’ என்றாலே பொதுவாக ‘அப்புறம்’தான். ஸ்பெயினில் இந்தச் சொல் அன்றாடப் பேச்சில் இல்லை.

படி 3: ‘மஞானா’வுக்கு வாருங்கள். (நடுவில் வரும் ஒலி நம் ‘ஞ’தான், கஷ்டப்பட வேண்டாம்.) இது நாளையையும் குறிக்கும், காலையையும் குறிக்கும். அதனால் நாளைக் காலையை மெக்சிகோவில் ‘மஞானா என் லா மஞானா’ என்பார்கள். சோம்பேறித்தனத்தின் அடையாளம் என்று இந்தச் சொல்லைக் கேலி செய்வது எனக்குப் பிடிக்காது. அஓரீத்தாவைவிட இது எவ்வளவோ உறுதியானது. குறைந்தபட்சம் ஒரு நாளைக் கையில் தருகிறது. ஆனால் மணி சேராமல் தனியாக வந்தால் ‘இன்றைக்கு இல்லை’ என்பது மட்டுமே நிச்சயம்.

படி 4: மணியைக் கேட்டு வாங்குங்கள். பிளம்பரிடம் ‘கோமோ ஆ கே ஓரா?’ என்று கேளுங்கள். ‘சுமார் எத்தனை மணிக்கு?’ என்று பொருள். அந்தச் ‘சுமார்’ இருப்பதால் அதட்டலாக ஒலிக்காது. ‘ஆ லாஸ் சிங்கோ’ என்றால் ஐந்து மணி, இனி காத்திருக்கலாம். மறுபடியும் ‘அஓரீத்தா, அஓரீத்தா’ என்றே பதில் வந்தால், குழாய்க்கு அடியில் வாளியை வைத்துவிட்டு வேறு பிளம்பரைத் தேடுங்கள்.

படி 5: நீங்களும் பயன்படுத்துங்கள். தெருவில் ஒருவர் பொம்மையை நீட்டினால் வெறும் ‘நோ’ சற்றுக் கறாராக இருக்கும். ‘அஓரீத்தா நோ, கிராசியாஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘இப்போதைக்கு வேண்டாம், நன்றி.’ அப்புறம் நீங்கள் வாங்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.